என்கல்ஃபிங், பின் பார்: கேண்டில் வடிவம் மட்டும் பார்த்து பங்கு வாங்கலாமா? 2024 மே மாத நிஃப்டி காட்டியது என்ன?

"அண்ணா, சார்ட்ல புல்லிஷ் என்கல்ஃபிங் வந்திருக்கு. வாங்கிடலாமா?"

காலை ஒன்பதேகால் மணிக்கு மார்க்கெட் திறந்ததும் மாங்காடு, பூந்தமல்லி, ஆவடி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இந்த மாதிரி கேள்வியும், கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் வருவது சகஜமாகிவிட்டது. படத்தில் ஒரு சிறிய சிவப்பு கேண்டில், அதை விழுங்கியது போல ஒரு பெரிய பச்சை கேண்டில். அவ்வளவுதான் இருக்கும். அது எந்த விலையில் வந்தது, அந்த இடத்தில் இதற்கு முன் என்ன நடந்தது என்பதெல்லாம் படத்தில் இருக்காது.

சிக்கலே அங்குதான். என்கல்ஃபிங், பின் பார் இரண்டும் பங்குச்சந்தையில் அதிகம் பேசப்படும் கேண்டில் வடிவங்கள். ஆனால் சார்ட்டில் எங்கே வருகின்றன என்பதைப் பொறுத்தே அவற்றுக்கு மதிப்பு. 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் நிஃப்டியில் பத்து நாள் இடைவெளியில் இந்த இரண்டு வடிவங்களும் வந்தன. அந்த உதாரணத்தை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஒரு கேண்டிலில் என்ன இருக்கிறது?

ஒரு கேண்டிலில் நான்கு விலைகள் அடங்கியிருக்கும். தொடங்கிய விலை, முடிந்த விலை, இடையில் தொட்ட அதிகபட்ச விலை, குறைந்தபட்ச விலை. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட தடித்த பகுதிதான் 'பாடி'. அதற்கு மேலும் கீழும் நீளும் மெல்லிய கோடு 'விக்', அதாவது திரி. தொடங்கியதை விட மேலே முடிந்தால் பச்சை, கீழே முடிந்தால் சிவப்பு.

ஒரு கேண்டிலின் பாடி, முந்தைய கேண்டிலின் பாடியை முழுசாக மூடிவிட்டால் அது என்கல்ஃபிங். சிவப்பை பச்சை மூடினால் புல்லிஷ், பச்சையை சிவப்பு மூடினால் பேரிஷ் என்பார்கள்.

பின் பார் என்பது ஒற்றைக் கேண்டில். ஒரு பக்கம் நீளமான திரி, மறுமுனையில் சின்ன பாடி. கேண்டிலின் மொத்த உயரத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்காவது அந்தத் திரியாக இருக்க வேண்டும் என்பது டிரேடர்கள் வழக்கமாக வைத்திருக்கும் அளவு. பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ பொம்மையின் பெயரில் இருந்து வந்தது இந்தப் பெயர். விலை ஒரு பக்கம் ஓடுவது போலக் காட்டி ஏமாற்றிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது என்று அர்த்தம்.

பஸ் பிரேக் போட்டால் என்ன அர்த்தம்?

மாங்காட்டில் இருந்து பூந்தமல்லிக்கு பஸ்ஸில் போகிறீர்கள். நடுவழியில் டிரைவர் திடீரென பிரேக் போடுகிறார். குறுக்கே ஒரு நாய் ஓடியிருக்கலாம், முன்னால் போன ஷேர் ஆட்டோ நின்றிருக்கலாம். அடுத்த நொடி பஸ் அதே வேகத்தில் கிளம்பிவிடும். அதே பஸ் பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குள் நுழைந்து பிரேக் போட்டால், அது இனி திரும்பப் போகிறது என்று யோசிக்கக் காரணம் இருக்கிறது. பிரேக் ஒன்றுதான். போட்ட இடம்தான் வேறு.

கேண்டிலும் அப்படித்தான். இதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். காலை 9.15 முதல் மாலை 3.30 வரை 375 நிமிடம் வர்த்தகம் நடக்கிறது. 5 நிமிட சார்ட்டில் ஒரு பங்குக்கு ஒரு நாளில் 75 கேண்டில்கள். நிஃப்டியில் உள்ள 50 பங்குகளையும் சேர்த்தால் 3,750. இத்தனை கேண்டில்களில் ஒன்றை ஒன்று மூடுவதும், நீண்ட திரி விடுவதும் தற்செயலாகவே எத்தனையோ முறை நடக்கும். அதுவும் 5 நிமிட சார்ட்டில் ஒரு கேண்டில் முடிந்த விலைக்குப் பக்கத்திலேயே அடுத்தது தொடங்கும் என்பதால், என்கல்ஃபிங் வர பெரிய மெனக்கெடலே வேண்டாம். முந்தைய கேண்டில் தொடங்கிய விலையைக் கொஞ்சம் தாண்டி முடிந்தாலே போதும்.

ஆக, வடிவத்தைத் தேடினால் தினமும் கிடைக்கும். வடிகட்டுவதற்கு வேறொன்று வேண்டும். அதைத்தான் 'லெவல்' என்கிறார்கள்.

லெவல் என்றால் என்ன? அங்கே என்ன நடக்கிறது?

ஒரு விலையைத் தொட்டு சந்தை முன்பு திரும்பியிருந்தால், பலருக்கு அந்த விலை ஞாபகம் இருக்கும். அங்கே வாங்காமல் விட்டவர், 'மறுபடி வந்தா வாங்கணும்' என்று காத்திருப்பார். வாங்கி வைத்தவர் அதற்குச் சற்றுக் கீழே ஸ்டாப் லாஸ் போட்டிருப்பார். அதாவது அந்த இடத்தில் ஆர்டர்கள் குவிந்து கிடக்கும். விலை கீழே வரும்போது தாங்கும் இடம் சப்போர்ட். மேலே போகும்போது தடுக்கும் இடம் ரெசிஸ்டன்ஸ்.

இது வெறும் டிரேடர் நம்பிக்கை மட்டும் அல்ல. பொருளாதார ஆய்வாளர் கரோல் ஓஸ்லர் இதை அந்நியச் செலாவணி சந்தையில் சோதித்தார். நிறுவனங்கள் முன்கூட்டியே வெளியிட்ட சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் விலைகளில் டாலரின் போக்கு தடைபட்டது, ஏதோ ஒரு விலையில் தடைபட்டதை விட அதிகம் என்று நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி 2000ல் வெளியிட்ட அவரது கட்டுரை காட்டியது. லாபத்தை எடுக்கும் ஆர்டர்கள் முழு எண்களில் குவிவதையும், ஸ்டாப் லாஸ் ஆர்டர்கள் அந்த எண்களைத் தாண்டிய இடத்தில் குவிவதையும் 2003ல் அவர் ஆர்டர் பதிவுகளை வைத்தே காட்டினார்.

பின் பாரின் நீண்ட திரி எப்படி உருவாகிறது என்பதும் இதிலிருந்து விளங்கும். விலை லெவலுக்குள் இறங்கும்போது பயந்தவர்கள் விற்கிறார்கள், சிலரின் ஸ்டாப் லாஸ் அடிபடுகிறது. காத்திருந்தவர்கள் அத்தனையையும் வாங்கிக்கொள்கிறார்கள். விற்பவர்கள் தீர்ந்ததும் விலை மேலே திரும்புகிறது. கீழே போய் வந்த தடம்தான் திரி. லெவலே இல்லாத இடத்தில் வரும் திரிக்குப் பின்னால் இப்படி ஒரு கூட்டம் காத்திருந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

2024 மே 3: உச்சியில் வந்த என்கல்ஃபிங்

இப்போது நிஃப்டியின் தினசரி சார்ட்டுக்கு வருவோம். எண்கள் முழு எண்ணாக மாற்றப்பட்டுள்ளன.

2024 ஏப்ரல் 10 அன்று நிஃப்டி 22,776 வரை போய் அதற்கு மேல் ஏற முடியாமல் இறங்கியது. ஏப்ரல் 30 அன்று மறுபடி 22,783 வரை ஏறி, 22,605ல் முடிந்தது. ஆக, 22,780ஐ ஒட்டிய பகுதி இரண்டு முறை தடுத்திருக்கிறது. சார்ட் பார்ப்பவர்கள் எல்லோர் கண்ணிலும் பட்ட ரெசிஸ்டன்ஸ் அது.

மே 2 அன்று 22,568ல் தொடங்கி 22,648ல் முடிந்தது நிஃப்டி. சின்ன பச்சை கேண்டில், பாடி 80 புள்ளிதான்.

மறுநாள் மே 3, வெள்ளிக்கிழமை. தொடக்கமே 22,766. முந்தைய நாள் முடிவை விட 118 புள்ளி மேலே. சிறிது நேரத்தில் 22,795ஐத் தொட்டது. அது அன்றைக்குப் புதிய சாதனை உச்சம். 'உடைச்சிடுச்சு, இனி மேலதான்' என்று நினைத்து வாங்கியவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அங்கிருந்து சரிந்து 22,348 வரை போய், 22,476ல் முடிந்தது.

தொடங்கிய 22,766, முந்தைய நாள் முடிவான 22,648க்கு மேலே. முடிந்த 22,476, முந்தைய நாள் தொடக்கமான 22,568க்குக் கீழே. 290 புள்ளி சிவப்பு பாடி, 80 புள்ளி பச்சை பாடியை விழுங்கிவிட்டது. இலக்கணப்படி பேரிஷ் என்கல்ஃபிங். வந்த இடம், இரண்டு முறை தடுத்த அதே ரெசிஸ்டன்ஸ்.

இதில் கவனிக்க வேண்டியது, காலையில் உச்சியில் வாங்கியவர்கள் அத்தனை பேரும் மாலைக்குள் நஷ்டத்தில் இருந்தார்கள். அடுத்த நாட்களில் அவர்களும் விற்றுவிட்டு வெளியேறத்தான் பார்ப்பார்கள். நடுவழியில் வரும் என்கல்ஃபிங்கில் இப்படி ஒரே விலையில் மாட்டிக்கொண்ட பெரிய கூட்டம் இருப்பதற்கான வாய்ப்பு குறைவு.

2024 மே 13: அடியில் வந்த பின் பார்

அடுத்த ஆறு வர்த்தக நாட்களில் நிஃப்டி இறங்கியது. தேர்தல் முடிவு பற்றிய பதற்றமும் சந்தையில் இருந்தது. மே 13, திங்கட்கிழமை. நாட்டில் நான்காம் கட்ட வாக்குப்பதிவு நடந்த நாள்.

அன்று 22,028ல் தொடங்கி 21,821 வரை விழுந்தது. பிறகு மீண்டு, 22,132 வரை ஏறி, 22,104ல் முடிந்தது. மொத்த உயரம் 311 புள்ளி. கீழ்த் திரி மட்டும் 207 புள்ளி, அதாவது கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. பாடி 76, மேல் திரி 28. பின் பாருக்குப் பாடப்புத்தக அளவு.

விழுந்த இடத்தைப் பாருங்கள். மார்ச் 20 அன்று நிஃப்டி 21,710ல் திரும்பியது. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு நடந்த ஏப்ரல் 19 அன்று, இஸ்ரேல், இரான் மோதல் செய்தியில் 21,778 வரை விழுந்து, அன்றே 22,147க்கு மீண்டது. ஆக 21,700 முதல் 21,850 வரை உள்ள பகுதி ஏற்கெனவே இரண்டு முறை தாங்கிய சப்போர்ட். மூன்றாவது முறை அதே பகுதியில் பின் பார்.

அதன் பிறகு மே 16 அன்று 22,404ல் முடிந்தது. மே 23 அன்று 22,795 என்ற பழைய உச்சத்தை உடைத்து 22,968ல் முடிந்தது.

லெவல் இருந்தால் கணக்கும் கிடைக்கும்

லெவல் தரும் இன்னொரு பயன், நஷ்டத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க முடியும் என்பது.

மே 13 முடிவில், 22,104ல் ஒருவர் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். பின் பாரின் அடி 21,821. அதற்குக் கீழே, 21,810ல் ஸ்டாப் லாஸ். தவறினால் நஷ்டம் 294 புள்ளி. மேலே அடுத்த தடை 22,795. அதுவரை போனால் லாபம் 691 புள்ளி. ஒரு ரூபாய் பணயம் வைத்து இரண்டே கால் ரூபாய்க்கு மேல் எதிர்பார்க்கிறார்.

அப்போது நிஃப்டி ஃபியூச்சர்ஸ் ஒரு லாட் 25. ஃபியூச்சர்ஸ் விலை குறியீட்டில் இருந்து கொஞ்சம் மாறுபடும், வரியும் புரோக்கரேஜும் தனி. அதை விட்டுவிட்டுத் தோராயமாகப் பார்த்தால், நஷ்டம் 7,350 ரூபாய். லாபம் 17,275 ரூபாய். லாட் அளவு அவ்வப்போது மாறும் என்பதால் இன்றைய அளவை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இதே பின் பார் 22,300ல், அதாவது நடுவழியில் வந்திருந்தால்? மேலே தடை வரை 495 புள்ளி. கீழே தாங்கும் இடம் 21,820 என்றால் 480 புள்ளி. வைக்கும் பணமும் வரக்கூடிய பணமும் கிட்டத்தட்ட சமம். 'திரிக்குக் கீழேயே ஸ்டாப் லாஸ் வெச்சுக்கலாமே' என்று கேட்கலாம். வைக்கலாம். ஆனால் அங்கே தாங்க யாரும் காத்திருக்கவில்லை என்றால், சாதாரண ஏற்ற இறக்கத்திலேயே அது அடிபட்டுவிடும்.

லெவலும் உடையும்: ஜூன் 4

லெவல் என்பது சுவர் இல்லை. அதற்கும் இதே ஆண்டில் உதாரணம் இருக்கிறது.

ஜூன் 3 அன்று, கருத்துக்கணிப்பு உற்சாகத்தில் நிஃப்டி 23,339 என்ற புதிய உச்சம் தொட்டு 23,264ல் முடிந்தது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. 23,180ல் தொடங்கியவுடன் சரிவு. 21,700 முதல் 21,850 வரை இருந்த அதே சப்போர்ட்டை உடைத்து 21,281 வரை போய், 21,885ல் முடிந்தது.

'சப்போர்ட் வந்துடுச்சு' என்று அன்று 21,800ல் வாங்கி, 21,690ல் ஸ்டாப் லாஸ் வைத்தவருக்கு நஷ்டம். மாலையில் விலை அவர் வாங்கிய இடத்துக்கு மேலே முடிந்தது. ஆனால் அதைப் பார்க்க அவர் கையில் பங்கு இருந்திருக்காது. அன்றைய கேண்டிலின் கீழ்த் திரி 604 புள்ளி. பார்க்க நீளம்தான். ஆனால் மொத்த உயரம் 1,899 என்பதால் அது மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. பாடி 1,295 புள்ளி சிவப்பு. அது பின் பார் ஆகாது.

பெரிய செய்தி வரும் நாளில், லெவலில் காத்திருக்கும் ஆர்டர்களை எல்லாம் ஒரே அலையில் விலை கடந்துவிடும். முந்தைய நாள் கேண்டில் எதையும் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. தேர்தல் முடிவு, பட்ஜெட், ரிசர்வ் வங்கி அறிவிப்பு, நிறுவனத்தின் காலாண்டு முடிவு போன்ற நாட்களில் கேண்டிலை வைத்து முடிவெடுப்பதை அனுபவஸ்தர்கள் தவிர்ப்பது இதனால்தான்.

மொபைலில் எப்படிப் பார்ப்பது?

முதலில் சார்ட்டை 1 நாள் கேண்டிலுக்கு மாற்றுங்கள். ஆறு மாதமாவது திரையில் தெரியட்டும். கேண்டில் எதையும் தேடாமல், விலை இரண்டு முறைக்கு மேல் திரும்பிய இடங்களை மட்டும் குறியுங்கள். ஒற்றைக் கோடாகப் போடாமல் ஒரு பட்டையாகப் போடுங்கள். நிஃப்டி உதாரணத்திலேயே 21,710, 21,778, 21,821 என்று மூன்று முறையும் வேறு வேறு இடத்தில்தான் திரும்பியது. திரை முழுக்கப் பத்துக் கோடு வந்துவிட்டால் எல்லா விலையும் லெவலாகத் தெரியும். மேலே ஒன்றிரண்டு, கீழே ஒன்றிரண்டு போதும்.

கோடு போட்ட பிறகுதான் கேண்டில். விலை அந்தப் பட்டைக்குள் வரும் வரை எந்த வடிவம் வந்தாலும் விட்டுவிடலாம். உள்ளே வந்தால், கேண்டில் முடியும் வரை காத்திருக்க வேண்டும். தினசரி கேண்டில் 3.30க்குத்தான் முடியும். மே 3 அன்று காலையில் பார்த்திருந்தால் அது சாதனை உச்சம் தொட்ட நாள். என்கல்ஃபிங் என்பது மாலையில்தான் தெரிந்தது.

கேண்டில் வந்த பிறகு கோடு போடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. ஒரு பின் பாரைப் பார்த்துவிட்டு, அதற்குப் பொருத்தமாக எங்காவது ஒரு பழைய திருப்பத்தைத் தேடினால் கட்டாயம் கிடைத்துவிடும். கோடு முதலில் இருந்ததா, கேண்டில் வந்த பிறகு போட்டதா என்பதை ஒவ்வொருவரும் தங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

வடிவம் மட்டும் போதாது என்பதற்கு ஆதாரம் உண்டா?

மார்ஷல், யங், ரோஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் பங்குகளில் 1992 முதல் 2002 வரையிலான விலைகளை எடுத்து, கேண்டில் வடிவங்களை மட்டும் வைத்து வாங்கி விற்றால் பலன் உண்டா என்று சோதித்தார்கள். 2006ல் வெளியான அவர்களின் முடிவு: இல்லை.

இந்தியாவில் சில்லறை டிரேடர்களின் நிலையும் தெரிந்ததே. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்ததாக செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அவர்களின் மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

2024 மே மாதத்தில் இரண்டு வடிவங்களும் லெவலில் வந்தன, இரண்டும் பலித்தன. அதனால் லெவலில் வருவதெல்லாம் பலிக்கும் என்று ஆகாது. ஜூன் 4 அதற்குச் சாட்சி. லெவல் செய்வது, நாள் முழுக்க வந்துபோகும் கேண்டில்களில் பார்க்கத் தேவையில்லாதவற்றை ஒதுக்குவதும், தவறினால் எங்கே வெளியேறுவது என்று காட்டுவதும்தான்.

அடுத்த முறை குழுவில் ஸ்கிரீன்ஷாட் வந்தால், 'இந்த விலையில் இதற்கு முன் எத்தனை முறை திரும்பியிருக்கு?' என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால், அது நடுவழியில் போட்ட பிரேக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம்.